இரண்டு மணி நேரம்

“அக்கா, வியாழக்கிழமை எனக்காக சீக்கிரம் வந்துடுங்க.”

மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்த தனக்கொடி நிமிரவேயில்லை. “கேக்கறியா, சொல்றியா?”

நஜீமாவுக்குக் காது சுட்டது. அந்த மருத்துவமனை வார்டில் அவள் நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தனக்கொடிக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். போன மாதம் இன்னொரு நர்ஸ் சிவசங்கரி, “வீட்ல சும்மாதானேக்கா இருப்பீங்க” என்று தனக்கொடியிடம் டியூட்டி மாற்றக் கேட்டு, வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் நின்றாள்.

“தப்பா கேட்டுட்டேங்க்கா. வேலைய முடிச்சிடுங்க, அப்புறமா வரேன்.”

அரைமணி நேரம் காத்திருந்தாள். தனக்கொடி மருந்து அலமாரியைப் பூட்டிய பிறகுதான் அருகே போனாள்.

“ரெண்டு நிமிஷம் பேசலாமாக்கா?”

“சொல்லு.”

“எம் பொண்ணு மரீஹாவுக்கு வியாழக்கிழமை மொதமொதலா காது மெஷின் மாட்டறாங்க, லாஸ்பேட்டை க்ளினிக்ல. பன்னெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. என் டியூட்டி ரெண்டு மணிக்குத்தான் முடியும், அப்புறம் உங்க டியூட்டி. அன்னிக்கு மட்டும் பதினொன்ரைக்கு உங்களால வர முடியுமா? பதிலுக்கு உங்களுக்குத் தோதான ஒரு நாள், அதே ரெண்டரை மணி நேரம் உங்களுக்காக நான் நிக்கறேன். முடியலன்னா தயங்காம சொல்லிடுங்கக்கா.”

தனக்கொடி சுவரிலிருந்த டியூட்டி அட்டவணையைப் பார்த்தாள். 

“வியாழக்கிழமை பேங்க் வேல இருக்கு. கஷ்டம்.”

இரண்டு வயதுக் குழந்தை, இன்னும் ஒரு சத்தமும் கேட்காதது என்று சொன்னால் மனம் இளகலாம். சொல் நாக்கின் நுனிவரை வந்தது. நஜீமா விழுங்கிக்கொண்டாள். அதைச் சொன்னால், தனக்கொடிக்கு மறுப்பதற்கு வழியே இருக்காது.

“பரவால்லக்கா. நா வேற யாரையாச்சும் கேட்டுப் பாக்கறேன்.”

சொன்னபடியே இருவரைக் கேட்டாள். இருவருக்கும் அதே நேரத்தில் டியூட்டி. அந்தப் பேச்சை மீண்டும் தனக்கொடியிடம் எடுக்கவில்லை. புதன்கிழமை மதியம் டியூட்டி முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நஜீமா.” பின்னால் தனக்கொடி நின்றிருந்தாள். “பேங்க் வேல பதினொன்ரைக்கு முடிஞ்சிடும். பன்னெண்டுக்கு வந்தா ஆவுமா? ரெண்டு மணி நேரந்தான் உனக்குக் கெடைக்கும்.”

“தாராளமா ஆவும்க்கா! அங்க அரைமணி தள்ளிக் குடுப்பாங்களான்னு கேக்கறேன்.”

உடனே போன் செய்தாள். ஒத்துக்கொண்டார்கள். வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டரிடம் இருவருமாகப் போய்ச் சொல்லி, அட்டவணையில் எழுதி வாங்கினார்கள்.

“திங்கக்கிழமை நா சீக்கிரம் கெளம்பணும்,” என்றாள் தனக்கொடி.

“நா இருக்கறேங்க்கா.”

வியாழக்கிழமை பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தனக்கொடி வந்துவிட்டாள். அன்று லாஸ்பேட்டையில், மெஷினை இயக்கியதும் மரீஹா திடுக்கிட்டு வீறிட்டு அழுதாள். தன் அழுகையே காதில் விழ, சட்டென்று நிறுத்தி அம்மாவின் வாயை உற்றுப் பார்த்தாள்.

“மரீஹா,” என்றாள் நஜீமா, மெதுவாக.