முதல் ஐம்பது பேருக்கு

போன தீபாவளிக்கு எங்கள் ஜவுளிக்கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், ‘இன்றே கடைசி! முந்துங்கள்!’ என்று போட்டோம். சனம் முந்தியது. சேலைப் பிரிவு மாடியில். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இருக்கிற ஒரே படியில் நெரிசலாகி ஓர் அம்மாவுக்குக் கை முறிந்தது. போலீஸ் வந்து முதலாளி பொன்னுரங்கத்தை எச்சரித்துவிட்டுப் போனது.

அதனால்தான் இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார். நான் பில் போடுகிறவள். இன்ஸ்டாகிராமில் எழுதுவதும் என் தலையில்தான்.

“மீனா, ஆஃபர் இருக்குதுன்னு தெரியணும். ஆனா யாரும் ஓடியாரக் கூடாது. அப்டி எழுதும்மா.”

நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் இப்படிப் போட்டேன்:

‘தீபாவளித் துணி வந்தாச்சு. வந்து பாருங்க, பிடிச்சா எடுங்க. சேலைக்கு இருபது சதவீதம், குழந்தைங்க துணிக்குப் பதினைந்து சதவீதம் தள்ளுபடி. தீபாவளி வரைக்கும் இதே விலைதான், அவசரம் வேண்டாம். மதியத்துல வந்தா நிதானமா பார்க்கலாம்.’

வெள்ளிமலையில் இருக்கும் என் தங்கை பாரதிக்கு அதை அனுப்பினேன். எட்டு மாசம் அவளுக்கு. “கூட்டத்துல வராத, மத்தியான பஸ்ல வா” என்று போனிலும் சொன்னேன். சரிக்கா என்றாள்.

பதிவுக்கு லைக் குவிந்தது. கடைக்குத்தான் ஆள் வரவில்லை. அவசரம் வேண்டாம் என்றதால் எல்லாரும் மெதுவாக வரலாம் என்று இருந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுக்கடையில் கூட்டம் வழிவதைப் பார்த்துவிட்டு வந்த முதலாளி மகன் ஜெயப்பிரகாஷ் என்மேல் எரிந்து விழுந்தான்.

“இன்னா எழுதி வெச்சிருக்க? கல்யாணப் பத்திரிகையா இது?”

“எழுதச் சொன்னது உங்கப்பா. அவரைப் போய்க் கேளு” என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதுவே கம்மி.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடைக்கு வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். மூடின ஷட்டரிலிருந்து ரோடு வரைக்கும் தலைகள். யாரும் சத்தம் போடவில்லை, பேசவில்லை. எல்லாருடைய கண்ணும் ஷட்டர் மேலேயே இருந்தது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

பின்கதவு வழியாக உள்ளே போய்ப் போனைத் திறந்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. அதன் தலையில் மட்டும் ஒரு புது வரி ஏறியிருந்தது. ‘ஞாயிறு காலை, முதல் ஐம்பது பேருக்கு எந்தச் சேலையும் 199 ரூபாய்.’ கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டு ஜெயப்பிரகாஷிடமும் உண்டு. ராத்திரியே போட்டிருக்கிறான் பாவி!

உடனே அந்த வரியை அழித்தேன். அழித்து என்ன? அதைப் படம் பிடித்து மகளிர் குழு, ஊர்க் குழு என்று எல்லா வாட்ஸ்அப்பிலும் விட்டிருந்தார்கள்.

“அண்ணே, ஷட்டரத் தூக்காதீங்க” என்று முதலாளியிடம் கெஞ்சினேன். “எல்லாருக்கும் டோக்கன் குடுப்போம். அந்த வெல எல்லாருக்கும் உண்டுன்னு மைக்ல சொல்லுவோம்.”

“எல்லாருக்கும் குடுத்தா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.” அவருக்கும் வேர்த்திருந்தது.

“தொறக்கலன்னா ஷட்டர ஒடச்சிடுவாங்கப்பா” என்றான் ஜெயப்பிரகாஷ்.

மைக்கைப் பிடுங்கி நானே சொன்னேன். “தள்ளாதீங்க, எல்லாருக்கும் சேலை இருக்குது, பொறுமையா வாங்க.” வெளியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “இப்டித்தான் சொல்லுவாங்க, நவுராதீங்கடி!” ஷட்டர் உள்பக்கமாக ஒருமுறை அதிர்ந்தது.

அப்போது போன் அடித்தது. பாரதி.

“அக்கா! முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன். முன்னாடிதான் நிக்கறேன். மாமியாருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.”

“மத்தியானம்தான வரச் சொன்னேன்? அடியே, வெளிய வாடி!”

“நீதான எழுதின, உன் கடை பொய் சொல்லாதுன்னு வந்தேன். வெளிய எப்டி வர்றது? பின்னாடி நெருக்கிக்கினு நிக்கறாங்க. வயித்த ஷட்டர்ல முட்டாம கையால தாங்கிக்கினு இருக்கேன்க்கா.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

“ஜெயப்பிரகாஷ், வேணாம்டா, என் தங்கச்சி!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் அவன் பட்டனை அழுத்திவிட்டான்.

ஷட்டர் ஏறியது. முதலில் கால்கள் தெரிந்தன, எத்தனையோ கால்கள். பிறகு வயிற்றைத் தாங்கிய இரண்டு கைகள். பிறகு என்னைத் தேடுகிற பாரதியின் முகம்.

அவளைத் தாங்கி நிற்க இனி முன்னால் ஷட்டர் இல்லை. பின்னாலிருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் காலை எடுத்து வைத்தார்கள்.