நூற்றுப் பன்னிரண்டு ஆமாம்

நூற்றிருபது வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு வீடு ஆமாம் என்று சொல்லிவிட்டது. ஸ்ரீதேவிக்குத் தலைகால் புரியவில்லை. எம்.பி.ஏ. படிப்பவள், பயிற்சிக்கு வந்த இடத்தில் செய்த முதல் சர்வே. அந்தச் சந்தோஷத்தைப் பொத்தி வைக்கத் தெரியாமல், அன்று சாயங்காலமே கலைமணிக்குப் போன் போட்டு, "தொண்ணூத்து மூணு சதவீதமுங்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

கலைமணி இளம்பிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலர். தறி ஓட்டும் பெண்களுக்கு மாவு ஆட்ட நேரம் ஏது என்று கணக்குப் போட்டு, இட்லி மாவு பாக்கெட் தொழில் தொடங்கக் கடன் கேட்டிருந்தாள். கடனுக்குத் திட்ட அறிக்கை வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுப்பதுதான் சூரமங்கலத்தில் ஈஸ்வர் நடத்தும் சின்ன அலுவலகத்தின் வேலை. அறிக்கையில் சந்தை ஆய்வுப் பக்கம் ஸ்ரீதேவியின் பங்கு. ஆய்வு நன்றாக வந்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று கலைமணி முதல் நாளே சொல்லியிருந்தாள். விட்டால் அந்த வேலை திரும்பக் கிடைக்காது.

கேள்விகள் எட்டு. ஐந்து நிமிடத்துக்குமேல் யாரும் நிற்க மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சுருக்கியிருந்தாள். நாலு வீட்டில் முதலில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று பாடத்தில் படித்ததுதான், அவசரத்தில் விட்டுவிட்டாள். ஆறாவது கேள்வி இது: "நம்ம ஊர்ப் பெண் ஒருவர் சுத்தமாக அரைத்துத் தரும் மாவு கிடைத்தால் வாங்குவீர்களா?" ஆம், இல்லை, இரண்டே கட்டம். எழுதியபோது அவளுக்கே அது மிகவும் பிடித்திருந்தது.

பத்தில் ஒரு வீட்டுக்குத் திரும்பப் போய்ச் சரிபார்ப்பது அலுவலக வழக்கம். அடுத்த திங்கட்கிழமை அப்படி, ஆமாம் சொன்னவர்களில் ஒருத்தியான பொன்னாயி வீட்டுக்குப் போனாள். தறிச் சத்தத்துக்கு மேலே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கடை மாவு எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டாள். வாங்கினதே இல்லை என்று சிரித்தாள் பொன்னாயி. அப்புறம் ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள்?

"வெயில்ல வந்து நிக்கறீங்க சாமி. நம்மூருப் பொண்ணுன்னு வேற சொல்றீங்க. மூஞ்சிக்கு நேரா இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது?"

ஸ்ரீதேவி பட்டியலில் இருந்த அடுத்த வீடுகளுக்கும் போனாள். மற்றப் பதினொரு வீட்டிலும் ஏறத்தாழ அதே கதைதான். இந்தப் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது ஆளைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, வந்த காரியத்தைக் கெடுத்து அனுப்பும். ஆனால் மரியாதையைக் குறை சொல்லி என்ன செய்ய? இல்லை என்று சொல்ல வழியே வைக்காமல் கேட்டது இவள்தானே.

இரண்டு நாளில் புதிதாக நாற்பது வீட்டுக்குப் போனாள். யார் தொழில், என்ன தொழில் என்று மூச்சு விடவில்லை. வாங்குவீர்களா என்றும் கேட்கவில்லை. போன வாரம் எத்தனை நாள் இட்லி, தோசை, அதற்கு மாவு எங்கிருந்து வந்தது, கடைசியாகக் கடையில் வாங்கியது எப்போது, அவ்வளவுதான். முப்பத்து நாலு வீட்டில் சொந்தக் கிரைண்டர் மாவு. வாங்கிய ஆறு வீட்டில் இரண்டில் கிரைண்டர் பழுது.

ஈஸ்வர் இரண்டு தாளையும் பார்த்தார். பேங்குக்குத் தொண்ணூற்று மூன்றுதான் பிடிக்கும், அதையே போடு என்றார். இவள் முடியாது என்றதும், பயிற்சி முடித்த சர்டிபிகேட் வேண்டாமா என்று கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் காகிதத்தை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் இளம்பிள்ளை பஸ்ஸில் ஏறினாள்.

கலைமணி வீட்டில் இருந்தாள். பள்ளிக்கூட நாளில், பதினொரு மணிக்கு, வீட்டில். அதைப் பார்த்ததுமே ஸ்ரீதேவிக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் சொன்னாள், தன் தப்பு எது என்பதையும் சேர்த்து.

"நீங்க போன் பண்ணுன மறுநாளே எழுதிக் குடுத்துட்டனுங்க," என்றாள் கலைமணி. "ஒன்றிய ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. இனி வேற ஆளு போட்டுருவாங்க."

கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா, நான் கூட வருகிறேன், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று எழுதித் தருகிறேன் என்றாள் ஸ்ரீதேவி. பார்க்கலாம் என்றாள் கலைமணி. பிறகு எழுந்து போய் ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்து, சட்னி ஊற்றி, இவள் முன்னால் வைத்தாள்.

ஸ்ரீதேவி தட்டைத் தொடவில்லை. "எம்மேல கோவமுங்களாக்கா?" என்று கேட்டாள்.

"சேச்சே, இல்லீங்க சாமி. சாப்பிடுங்க."

கலைமணி சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஸ்ரீதேவிக்குத் தெரியவில்லை. மூஞ்சிக்கு நேராகக் கேட்கக் கூடாத கேள்வியை மறுபடியும் கேட்டுவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு இட்லியையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.