வெள்ளிக்கிழமை நண்டுக்கறி

உதயகலா தன் முதல் வலைப்பதிவை வெளியிடத் துடித்தாள். மருதனார்மடச் சந்திக் கடையொன்றின் நண்டுக்கறியைப் பற்றிய பதிவு அது. பத்திரிகையில் பிழைதிருத்தும் சிநேகிதி கோபிகா விடவில்லை. உரத்து வாசிக்கச் சொல்லி, மூச்சு முட்டிய வசனங்களை உடைக்க வைத்தாள். எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். நீண்ட பந்திகளைப் பிரித்து உபதலைப்புகள் போட்டு, கைபேசியில் எப்படித் தெரிகிறது என்றும் பார்த்தாள்.

"இனித் தகவல். எல்லா நாளும் நண்டு கிடைக்கும் எண்டு எழுதியிருக்கிறாய். கடைக்காரரைக் கேட்டனியோ?"

"என்னடி உது! நான் எத்தினை தரம் அங்கை சாப்பிட்டிருப்பன்!"

"வெள்ளிக்கிழமையிலை?"

உதயகலா யோசித்துப் பார்த்தாள். வெள்ளியில் அவள் வீட்டில் மச்சமாமிசம் தொடுவதில்லை. அன்று அவள் அந்தக் கடைப்பக்கம் போனதே இல்லை. எரிச்சலோடு கடைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வெள்ளியிலை நண்டு, மீன் எண்டு ஒரு மச்சமும் காய்ச்சிறேல்லை, பிள்ளை," என்றார் கடைக்காரர்.

அந்த வரியைத் திருத்தி வெளியிட்டாள். சற்று நேரத்தில் முதல் பின்னூட்டம் வந்தது.

"கனடாவிலிருந்து வந்திருக்கிறோம். நாளை வெள்ளிக்கிழமை நண்டு சாப்பிட அங்கேதான் போக இருந்தோம். நல்ல காலம், சொன்னீர்கள்!"

உதயகலா நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"முதல் வாசகரிட்டையே ஏச்சு வாங்கியிருப்பனடி. சனிக்கிழமை வா, நண்டு நான் வாங்கித் தாறன்."

"சனிக்கிழமை கடை திறப்பினமோ எண்டு கேட்டனியோ?" என்றாள் கோபிகா.