வெளுக்காத நகம்

மர்பி டவுன் செருப்புப் பட்டறையிலிருந்து சைக்கிளில் வரும்போது பிடித்த தூறல் ஆஸ்பத்திரி வாசல்வரை விடவில்லை. மதலைமுத்து சட்டைக்குள்ளிருந்த மாதிரி ஷூ ஜோடியைத் தொட்டுப் பார்த்தான். காகிதச் சுற்று நனைந்திருந்தது. வலது ஷூவைப் பற்றிக் கவலையில்லை. இடதுதான் உறுத்தியது.

நர்சுகளுக்கு நாற்பது ஜோடி ஆர்டர். கிடைத்தால் பட்டறையில் அவனையும் சேர்த்து மூன்று பேருக்கு இரண்டு மாத வேலை. கிடைக்காவிட்டால் மற்ற இருவரும் ராணுவ பூட்ஸ் ஆலைக்குப் போய்விடுவார்கள். அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டோர் கிளார்க் சீனிவாசராகவன் தோலைக் கையால் தொடமாட்டார். சோதனையை ஷூ கொண்டுவந்தவனே செய்யவேண்டும்; அவர் மேஜைக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்.

"முறுக்கு."

மதலைமுத்து வலது ஷூவின் முனையையும் குதியையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினான். நடுவில் இரும்புப் பட்டை வைத்திருந்தான், அசையவில்லை.

"மடக்கு."

விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தது. நடுப்பாதம் நேராகவே நின்றது.

"பின்னால அமுக்கு."

குதியைச் சுற்றி நிற்கும் சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினான். கல் மாதிரி இருந்தது.

"சரி, இப்ப இடது."

வாங்க வருகிறவர்கள் வலதைத்தான் எடுத்துச் சோதிப்பார்கள். இருபது வருஷமாக அவன் பார்த்தது அதுதான். முறுக்கினான், மடக்கினான். குதியில் விரலை வைத்து உடனே எடுத்துவிட்டான்.

"ஆச்சு சார்."

"என்னத்த ஆச்சு? முறுக்கும்போது ஒன் நகம் வெளுத்துது. வலது குதியிலயும் வெளுத்துது. இப்ப ரோஸாவே இருக்கு."

"கை சில்லுன்னு இருக்குது சார், மழைல வந்தேன்..."

"குளிர்ல நகம் நீலமா இருக்கும்யா. அமுக்கு."

அமுக்கினான். நகம் வெளுத்தது. குதிச் சுவர் உள்ளே குழிந்து, விரலை எடுத்த பின்னும் அப்படியே கிடந்தது.

"உள்ள என்ன?"

"அட்டை சார். காஞ்சிருந்தா தெரியாது."

"ஒரு மழைக்கே இப்படியா! ராத்திரி பூரா வார்டுல நடக்கிற பொண்ணு குதி சாஞ்சு கால் பிசகி விழுவா. நல்ல தோல் இல்லியா?"

"பன்னண்டு ஜோடிக்குத்தான் இருக்குது சார். மீதியெல்லாம் பட்டாளத்துக்குப் போயிடுது. நாப்பதுக்கு அட்டை தாங்குமான்னு பாக்கத்தான் ஒரு கால்ல வெச்சேன்."

"பாத்தாச்சு." கிளார்க் ஆர்டர் தாளில் நாற்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார். "ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கணும். கொண்டுவர்றப்போ இருபத்துநாலயும் நீதான் அமுக்கப் போற."

வெளியே இன்னும் தூறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஜோடிக்கு ஓர் ஆள் போதும், அவனே போதும். பட்டறையில் இருவரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள். யாரிடம் முதலில் சொல்வது? சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். சட்டைக்குள் போன கட்டைவிரல் இடது குதியை அமுக்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் குழிந்தது.