பொருக்குக்கு முன்னால் தொடங்கிய மருந்து

கண்டியில் மழை பிடித்துவிட்டால் வார்டில் காய்ச்சல்காரருக்குக் கட்டில் போதாது. வருகிற காய்ச்சலெல்லாம் டெங்கு என்று வீதியில் போகிறவனும் சொல்லுவான். வைத்தியர்களும் மனுஷர்தானே, அவர்களுக்கும் முதலில் அதுதான் வாயில் வரும்.

வைத்திய நிபுணர் பத்மாதேவி நடத்தும் வாராந்தக் கலந்துரையாடலில், பல்லேகலவில் புல் வெட்டும் ஒருவரின் காய்ச்சலை எடுத்துப் பேசினார்கள். வெளி ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பயிற்சி வைத்தியர்களுக்காக அதைப் பதிவு செய்வது வழக்கம். ஒரு மணித்தியாலப் பேச்சைக் கேட்க யாருக்கு நேரம்? அதனால் அதைக் கேட்டு ஒரு பக்கச் சுருக்கம் எழுதி எல்லோருக்கும் வட்ஸப்பில் அனுப்புவது மதனியின் வேலை. பத்மாதேவியின் கீழ் மேற்படிப்புப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் அவள். கெட்டிக்காரி.

அன்றைய பதிவில் பத்மாதேவி எதையும் மூடி மறைக்கவில்லை. "நான் டெங்குவையே பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிளேட்லெட் ஏறத் தொடங்கியும் காய்ச்சல் விடேல்லை. அப்பவே எனக்கு யோசனை திரும்பியிருக்க வேணும், பிந்தித்தான் திரும்பினது. உண்ணிக் காய்ச்சலா இருக்கலாமெண்டு டொக்சிசைக்கிளின் மருந்தைத் துவங்கினம். கவட்டு மடிப்பிலை அந்தக் கறுத்தப் பொருக்கைக் கண்டது அதுக்குப் பிறகுதான்."

உண்ணி கடித்த இடம் கருகிப் பொருக்காகி நிற்கும். அதைக் கண்டால் நோய் இன்னதென்று அடித்துச் சொல்லலாம். ஆனால் எல்லோருக்கும் அது வராது, வந்தாலும் எல்லோர் கண்ணுக்கும் படாது. காணாவிட்டாலும் சந்தேகத்தில் மருந்தைத் தொடங்கு என்பதுதான் அந்த ஒரு மணித்தியாலத்தின் சாரம்.

மதனி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மெடம் டெங்குவில் தடுக்கி விழுந்ததை இத்தனை பேருடைய போனுக்கு எழுதி அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. பெரியவர்களின் சறுக்கலைச் சபையில் வைக்காத வீட்டில் வளர்ந்தவள். ஆகவே டெங்குப் பகுதியை ஒரு சொல்லில் முடித்தாள். பொருக்கைத் தூக்கி முதலில் வைத்தாள். பொருக்கு, நோய் நிர்ணயம், மருந்து என்று வாசிக்க வழவழவென்று இருந்தது. காணாவிட்டாலும் தொடங்கு என்ற வரிக்குத்தான் அதில் இடமில்லாமல் போனது. மரியாதை என்ற பெயரில் நாங்கள் செய்கிற அநியாயங்களுக்கு அளவே இல்லை.

"நான் சொன்ன ஒழுங்கிலேயே எழுதினீரோ?" என்று வார்டுக்குப் போகிற வழியில் மெடம் கேட்டார்.

"ஓம் மெடம்."

பத்மாதேவி அதை வாங்கி வாசிக்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த மழைக்கு, ஹுன்னஸ்கிரியவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் சுந்தரி காய்ச்சலோடு பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்தாள். அங்கே பயிற்சியில் இருந்தவன் யுகேஷ். பிளேட்லெட் ஏறியும் காய்ச்சல் விடாததைக் கண்டதும் உண்ணிக் காய்ச்சலோ என்று சரியாகவே சந்தேகித்தான். போனில் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தான். தாதியோடு சேர்ந்து சுந்தரியின் உடம்பெல்லாம் பொருக்கைத் தேடினான். இல்லை. விடுமுறையில் இருந்த தன் நிபுணரைப் போனில் கேட்டபோதும், பொருக்கு இல்லை என்பதையே முதலில் சொன்னான். அப்படியானால் பொறுத்துப் பார்ப்போம் என்றார் அவர். பொறுத்தார்கள். சுந்தரிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும்தான் கண்டிக்கு ஏற்றினார்கள்.

அவள் வந்த கையோடு பத்மாதேவி மருந்தைத் தொடங்கினார். தேடியும் பொருக்கு அவருக்கும் அகப்படவில்லை. காலம் கடந்திருந்தது. சுந்தரி செத்துப்போனாள். இரத்தப் பரிசோதனை முடிவு அன்றைக்கே பிறகு வந்தது. உண்ணிக் காய்ச்சலேதான்.

ஏன் பொறுத்தீர் என்று பத்மாதேவி, சுந்தரியோடு கூட வந்திருந்த யுகேஷிடம் கோபமில்லாமல்தான் கேட்டார். பக்கத்தில் மதனி நின்றாள்.

"பொருக்கப் பாத்துட்டுத்தான் மருந்துன்னு உங்க சுருக்கத்துல இருந்திச்சிங்க மெடம். நான் அதுபடிதான் போனேன்."

பத்மாதேவி போனை வாங்கி அங்கேயே நின்று வாசித்தார். முடித்துவிட்டு மதனியைப் பார்த்தார். திட்டியிருந்தால் மதனிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"என்ரை பிழையைத்தான் நீர் முதலிலை எழுதியிருக்க வேணும் பிள்ளை," என்றார். "அதைப் படிச்சிருந்தா இந்தப் பிள்ளை எனக்கு முன்னமே மருந்து குடுத்திருப்பான்."

யுகேஷ் அழுதான். மதனிக்கு அழவும் வெட்கமாக இருந்தது.

வெளியே வாங்குப் பலகையில் சுந்தரியின் புருஷன் செல்லச்சாமி இருந்தார். இறப்புக் கடதாசியில் போடுவதற்கு விபரம் கேட்க மதனிதான் போனாள். பெயர், வயது, தோட்டத்து லயத்து வீட்டு இலக்கம் எல்லாம் சொன்னார். கடைசியில், குற்றம் சாட்டுகிற குரலே இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்போல் கேட்டார்.

"அந்த மருந்து மொத ஆஸ்பத்திரில இல்லீங்களா டொக்டரம்மா? இல்லேன்னா நான் வெளிய எங்கயாச்சும் வாங்கிக் குடுத்திருப்பேன்."

எந்த ஆஸ்பத்திரி அலுமாரியிலும் இருக்கிற மலிவான மாத்திரை அது. மதனி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருந்தது ஐயா," என்றாள்.