இரண்டே பொத்தான்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கிடங்கின் இரவுக் காவலாளி தம்புசாமிக்கு அறுபத்திரண்டு வயதில் ஒரு கூட்டாளி வந்து சேர்ந்தது. நான்கு சக்கரம், தலையில் கேமரா, பேச்சு கிடையாது. அந்தக் கடைசி குணத்துக்காகவே அவருக்கு ரோபோவைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் முதல் வாரமே வினை. இருட்டில் உடம்புச் சூட்டைக் கண்டால் படத்தில் அதைச் சுற்றிக் கட்டம் கட்டும். உள்ளே இருப்பது ஆளா நாயா என்று கணக்குப் போடும். குப்பைத்தொட்டியில் முன்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நின்ற தெருநாய் கருப்பியை ‘ஆள், அறுபத்தொரு விழுக்காடு’ என்றது. பக்கத்து ஊர் ஷா ஆலத்திலிருந்து ரோந்து கார் அலறிக்கொண்டு வந்தது. கருப்பி வாலாட்டி வரவேற்றாள்.

"அங்கிள், இன்னும் ரெண்டு தடவை கார் சும்மா வந்துச்சுன்னா உங்க வேலை போயிரும் லா," என்றாள் காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் சமந்தா. தப்பு ரோபோவுடையது, வேலை போவது மனுஷனுக்கு, நல்ல நியாயம். "சந்தேகப் படமெல்லாம் இனி உங்க போனுக்கு வரும். ஆளா நாயான்னு அழுத்துங்க. அத வெச்சு ஒவ்வொரு சண்டேயும் ரோபோவுக்குப் பாடம் நடத்துவோம்."

பொத்தான் இரண்டுதான். வந்த படங்களில் பாதி கருப்பி. மீதிப் பாதி, டார்ச்சும் ஒளிரும் பட்டை வைத்த சீருடையுமாகத் தம்புசாமியே. ‘ஆள்’ என்றால் கார் வந்துவிடும். தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘நாய்’ என்று அழுத்தினார். ஒரே மாதத்தில் நூற்று நாற்பது தடவை. வெட்கமெல்லாம் முதல் மூன்று நாள்தான்.

ரோபோ நல்ல மாணவன். கருப்பி எப்படி நின்றாலும் நாய். தம்புசாமி தொண்ணூற்றாறு விழுக்காடு நாய். நாயை விரட்டும் கீச்சொலியை அவரைக் கண்டாலும் எழுப்பியது. காதைப் பொத்திக்கொண்டு ரோந்து போனார்.

ஓர் இரவு, யாரிடமும் சொல்லாமல், சோதனைக்காக டேரன் என்ற ஊழியரை நிறுவனம் வேலி ஏறிக் குதிக்க விட்டது. டேரனுக்கு உடை மாற்றச் சோம்பல்; அதே சீருடை, அதே டார்ச். ரோபோ கட்டம் கட்டியது, ‘நாய்’ என்றது, கீச்சிட்டது, தன் வழியே உருண்டு போய்விட்டது. கருப்பிதான் குரைத்தாள். தம்புசாமி விழுந்தடித்து ஓடி வந்தபோது டேரனின் கால்சட்டை அவள் வாயில் இருந்தது.

காலையில் சமந்தா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க ஏன் நாயா இருக்கீங்க?"

"எனக்குப் பொத்தான் இல்லயேம்மா."

குதித்தவன் பிடிபட்டான் என்று அறிக்கை எழுதினாள், வேலை தப்பியது. தம்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய படங்களைத் திருத்தி, ‘காவலாளி’ என்று மூன்றாவது பொத்தானும் வைத்தார்கள்.

அன்றிரவு முதல் படம் வந்தது. வாசலில் அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காதை நிமிர்த்தி, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் கருப்பி.

தம்புசாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது பொத்தானை அழுத்தினார்.