ஏழாம் கேள்விக்கு விடை

விடைக்குறிப்பு தயாரிக்கும் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் தேர்வுத்துறை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம், மடியில் பையோடு, வினாத்தாள் அச்சடித்த அச்சகக்காரர். இடப்பக்கம் தலை நரைத்த கணக்கு வாத்தியார். கதவோரம், எழுந்து ஓடத் தோதான நாற்காலியில், அச்சுக்கு முன் வினாத்தாளைப் பிழை பார்த்துத் தந்த டீச்சர்.

ஏழாம் கேள்வி, ஐந்து மதிப்பெண்: 'மூன்று கூட்டாளிகளுக்குக் கிடைத்த மொத்த லாபம் 72,000 எனில், ஒவ்வொருவர் பங்கையும் காண்க.' அவ்வளவுதான். யார் எவ்வளவு முதல் போட்டார்கள், என்ன விகிதம் என்று ஒரு சொல் கிடையாது.

டீச்சருக்குக் காரணம் தெரியும். முதலீட்டைச் சொல்லும் வரி கேள்வியில் இருக்கத்தான் இருந்தது. ஆறாம் கேள்வியிலும் அதே போன்ற வரி இருந்ததால், இரட்டித்து வந்துவிட்டதென்று அடித்தவள் அவள்தான். பக்கத்தில் கையெழுத்தும் போட்டிருந்தாள். அந்தத் தாள் அச்சகக்காரரின் பைக்குள் இருக்கிறது.

"கூட்டாளின்னா சமபங்கு. ஆளுக்கு இருபத்துநாலாயிரம். அதையே போடுங்க," என்றார் அதிகாரி.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "ஒண்ணுக்கு ரெண்டுக்கு மூணுன்னா பன்னெண்டு, இருபத்துநாலு, முப்பத்தாறாயிரம். நாலுக்கு நாலுக்கு ஒண்ணுன்னா முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, எட்டாயிரம். எதைக் கூட்டினாலும் எழுபத்திரண்டாயிரம்தான். எதைத் தப்புங்கிறீங்க?"

"ஒப்பந்தம் இல்லேன்னா சமம்தானேய்யா?"

"ஒப்பந்தம் இல்லேன்னும் கேள்வி சொல்லலையே."

"கோர்ட்டா இது? தரவு போதாதுன்னு எழுதினா விசாரணை வரும். வரியை யாரு தின்னாங்கன்னு தோண்டுவாங்க. சமம்னு போட்டா ஈ காக்கா கேக்காது."

ஈ காக்கா கேட்காது. டீச்சர் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டு வாடகையும் அப்பாவின் மருந்துச் சீட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன.

மாதிரிக்கு எடுத்துவந்த விடைத்தாள் ஒன்றை வாத்தியார் அவள் பக்கம் தள்ளினார். 'முதலீடோ விகிதமோ தெரியாமல் பிரிக்க முடியாது' என்று ஒரு பிள்ளை எழுதி, பயந்து அடித்து, கீழே மறுபடியும் அதையே எழுதியிருந்தது.

"இதுக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டாள்.

"குறிப்புல இல்லாத விடை. சுழியம்," என்றார் வாத்தியார்.

"அந்த வரியை அடிச்சது நான்தான் சார்."

அச்சகக்காரர் மூச்சு விட்டார். "எப்படிம்மா சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன்."

"வேலைக்கே உலை வெச்சுக்காத. யோசிச்சியா?" என்றார் அதிகாரி.

"யோசிச்சுட்டுத்தான் சார் சொல்றேன்."

வாத்தியார் தாளை நகராமல் பிடித்துக்கொள்ள, அவள் தேர்வுத்துறை இயக்குநருக்கு எழுதினாள். ஏழாம் கேள்வியில் முதலீடோ விகிதமோ தரப்படவில்லை. மொத்தத்தை மட்டும் வைத்துப் பங்கு காண இயலாது. எல்லா மாணவருக்கும் ஐந்து மதிப்பெண்ணும் வழங்கக் கோருகிறேன். தேவையான வரியை நீக்கியது என் பிழை.

கையெழுத்து கோணலாக விழுந்தது. உறையை ஒட்டி, அரக்கு வைத்து, முத்திரையை அழுத்தினாள். தபால் பிரிவு ஊழியர் அதை வாங்கிப் பதிவேட்டில் எண் போட்டு, மற்ற உறைகளோடு சேர்த்துக்கொண்டு படியிறங்கினார்.